பரீட்சைப் பதிவில் விழுந்த சந்தேகக் குறி

"அண்ணா, நான் அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். போன மாதம் லயத்து வீட்டிலிருந்தே கமரா போட்டு ஒரு தொழிற்றகைமைப் பரீட்சை எழுதினேன். மற்றவர்களுக்குப் பெறுபேறு வந்துவிட்டது. எனக்கு மட்டும் 'உங்கள் பரீட்சைப் பதிவு மீளாய்வில் இருக்கிறது, பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் களவு எதுவும் செய்யவில்லை. அந்த வீடியோவை யார் பார்ப்பார்கள்? கம்பியூட்டரே முடிவெடுத்துவிடுமா? இனி என்ன நடக்கும்?"

முடிவைக் கணினி எடுப்பதில்லை, மனிதர்தான் எடுக்கிறார். ஆனால் அந்த மனிதர் உங்கள் பதிவை முழுதாகப் பார்ப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். கணினி குறியிட்டுக் கொடுத்த சில பத்து விநாடித் துண்டுகளையும், அவற்றின் முன்னும் பின்னும் சிறிதளவையும் பார்த்துத்தான் பெரும்பாலும் முதல் அறிக்கை எழுதப்படுகிறது. அந்தத் துண்டுகளில் இல்லாத சூழலை நீங்கள்தான் எழுத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நான் கண்டியிலிருந்து சில ஆண்டுகளாக இத்தகைய பதிவுகளை மீளாய்வு செய்பவன். மலையகத்திலிருந்து எழுதியவர்களின் தமிழ்ப் பேச்சு கேட்கும் பதிவுகள் பல என் மேசைக்கு வந்திருப்பதால், உங்கள் வீட்டில் என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

வீட்டிலிருந்து எழுதும் பரீட்சையில் பதிவாவது உங்கள் முகம் மட்டுமன்று. கமராப் படம், மைக்கில் விழும் ஒலி, உங்கள் கணினித் திரை, தொடக்கத்தில் நீங்கள் காட்டிய அடையாள அட்டை, அறையைச் சுற்றிக் காட்டிய காட்சி ஆகியவற்றோடு, எந்த வினாவை எப்போது திறந்தீர்கள், எந்த விடையை எப்போது தெரிவு செய்தீர்கள், இணைப்பு எப்போது அறுந்தது என்ற நிகழ்வுப் பதிவேடும் சேர்கிறது. மென்பொருள் இவற்றில் சில அறிகுறிகளைத் தேடுகிறது. முகம் தெரியவில்லை, இரண்டு முகங்கள் தெரிகின்றன, வேறு குரல் கேட்கிறது, பார்வை திரையை விட்டு நீண்ட நேரம் விலகியிருக்கிறது, இணைப்பு போயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி விழுகிறது. குறிகளின் எண்ணிக்கையையும் கனதியையும் கூட்டி, இந்தப் பதிவை முதலில் பார்க்க வேண்டுமா, பிந்திப் பார்த்தால் போதுமா என்ற வரிசையையும் மென்பொருளே தருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மென்பொருள் சொல்வது "முகம் தெரியவில்லை" என்பது மட்டுமே. "எழுந்து போனார்" என்று அது சொல்வதில்லை, சொல்லவும் அதனால் முடியாது. மலைநாட்டில் பிற்பகல் இரண்டரை மணிக்கு மூடுபனி இறங்கி, ஒரு குண்டு பல்ப் வெளிச்சத்தில் அமர்ந்திருப்பவரின் முகமும், அறையை விட்டு வெளியேறியவரின் வெற்று நாற்காலியும் அதற்கு ஒரே குறிதான். அந்த வேறுபாட்டைக் காண்பதற்குத்தான் மனிதர் தேவைப்படுகிறார்.

குறி விழுந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் தவறு செய்தவர்கள் என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். 2020 ஒக்டோபரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சட்டத்தரணிகளாவதற்கான பரீட்சையை ஏறத்தாழ 9,000 பேர் வீட்டிலிருந்து எழுதினார்கள். அவர்களில் 3,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளில் மென்பொருள் குறியிட்டது. பரீட்சைச் சபையினர் அப்பதிவுகளை மனிதக் கண்களால் பார்த்த பின்னர், குறி விழுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடுவிக்கப்பட்டார்கள். மூன்றில் ஒருவர் மீது விழும் குறி களவுக்கான சான்றாக இருக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன். மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், 30 மாணவர்களில் ஆறு பேரிடம் வேண்டுமென்றே களவாக எழுதச் சொன்னார்கள். மென்பொருள் அந்த ஆறு பேரில் ஒருவரையும் குறிக்கவில்லை, மனித மீளாய்வாளர் கண்டுபிடித்தது ஒருவரை மாத்திரமே. ஆகவே குறி விழுந்தவர் குற்றவாளியும் அல்லர், விழாதவர் நேர்மையானவர் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இதை அறிந்த நிறுவனங்கள் குறியை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்கின்றன. அறியாத நிறுவனங்களும் இருக்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. 2021இல் புரொக்டர்யூ என்ற பெரிய நிறுவனம், மென்பொருளை மட்டும் நம்பிய கண்காணிப்பை இனி விற்பதில்லை என்று அறிவித்தபோது சொன்ன காரணமே, குறி விழுந்த பதிவுகளில் ஏறத்தாழ 11 சதவீதத்தைத்தான் பரீட்சை நடத்துவோர் திறந்து பார்க்கிறார்கள் என்பதுதான். உங்களுக்கு வந்த மின்னஞ்சல் "மீளாய்வில் இருக்கிறது" என்று சொல்வது அந்த வகையில் நல்ல செய்தியே. யாரோ ஒருவர் பார்க்கப் போகிறார்.

மீளாய்வாளர் தம் திரையைத் திறந்தால் கீழே ஒரு காலக்கோடு, அதில் குறிகள், மேலே கமராப் படமும் உங்கள் திரைப் படமும் அருகருகே. நான் முதலில் அடையாள அட்டையையும் முகத்தையும் ஒப்பிடுவேன். பிறகு அறையைச் சுற்றிக் காட்டிய காட்சியை முழுதாகப் பார்ப்பேன், ஏனெனில் பின்னால் வரும் பல குறிகளுக்கு விளக்கம் அங்கேயே இருக்கும். கதவு எந்தப் பக்கம், யன்னல் எங்கே, மேசையில் தாள் இருந்ததா என்பதை அறியாமல், "இடப்பக்கம் பார்த்தார்" என்ற குறியைப் பார்த்து என்ன பயன்? அதன்பிறகுதான் குறிகளுக்குச் செல்வேன். ஒவ்வொரு குறிக்கும் அரை நிமிடம் முன்னதாகவே தொடங்கி, அது முடிந்து ஒரு நிமிடம் வரை பார்ப்பது என் பழக்கம். எல்லோரும் இப்படிப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பதிவுகள் என்று எண்ணிக்கை வைத்து வேலை வாங்கும் இடங்களில் குறி விழுந்த விநாடிகளை மட்டும் பார்த்துவிட்டு, எஞ்சியதை வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். பார்த்து முடிந்ததும் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: பிரச்சினை இல்லை, சிறு விதிமீறல், மேல்நிலைக்கு அனுப்புக. மேல்நிலை என்பது அனுபவமுள்ள இன்னொரு மீளாய்வாளர். அவர் முதல் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் பார்ப்பார்.

இதில் மொழியால் வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. முதல் மீளாய்வாளர் வேறொரு நாட்டில் இருக்கலாம், அவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். சுவருக்கு அப்பால் ஒருவர் கத்தினால் அது அவருக்கு வெறும் "இன்னொரு குரல்". அக்குரல் விடை சொல்கிறதா, அடுப்பில் பால் பொங்குகிறது என்கிறதா என்று அவர் அறிய வழியில்லை. பழைய லயங்களில் பல குடும்பங்களின் அறைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதும், இடைச்சுவர் பல இடங்களில் கூரை வரை எழும்பாமல் நிற்பதும் நமக்குத் தெரியும். அடுத்த வீட்டார் பேசுவது உங்கள் அறையிலேயே ஒருவர் நின்று பேசுவதுபோல மைக்கில் விழும். லயத்தைக் கண்டிராத ஒருவர், கமராவில் தெரியாத மூலையில் இன்னோர் ஆள் நிற்கிறார் என்றே எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய காதில் விழுந்தது அதுதான்.

நான் பார்த்த ஒரு பதிவை விவரமாகச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் சொல்ல மாட்டேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த ஓர் இளம் பெண், ஒக்டோபர் மாதப் பிற்பகல் ஒன்றில், இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நடந்த 60 பல்தேர்வு வினாக்கள் கொண்ட பரீட்சையை எழுதினார். மென்பொருள் 17 குறிகளை இட்டிருந்தது: முகம் தெரியவில்லை என்று ஒன்பது, வேறு குரல் என்று ஐந்து, பார்வை விலகல் இரண்டு, இணைப்பு அறுந்தது ஒன்று. தமிழ் தெரியாத முதல் மீளாய்வாளரின் அறிக்கை இரண்டு கடுமையான வரிகளோடு வந்தது. பரீட்சார்த்தி அறையிலிருந்த மூன்றாம் நபரோடு உரையாடினார் என்பது ஒன்று. இணைப்பு அறுந்து ஆறு நிமிடங்களுக்குப் பின் திரும்பி வந்ததும், 40 விநாடிகளுக்குள் எட்டு விடைகள் பதிவாகியுள்ளன, இடைவெளியில் வெளியிலிருந்து விடைகளைப் பெற்றிருக்கலாம் என்பது மற்றது. இந்த இரண்டாவது வரி உண்மையாயின் அது மிகப் பாரதூரமானது. ஒரு வினாவுக்கு ஐந்து விநாடியில் யாராலும் வாசித்து விடையளிக்க முடியாது.

நான் முதலில் இணைப்பைத்தான் எடுத்துக்கொண்டேன். நிகழ்வுப் பதிவேட்டில் ஒவ்வொரு விடைக்கும் எதிரே இரண்டு நேரங்கள் இருந்தன. ஒன்று, அவருடைய கணினியில் விடை தெரிவு செய்யப்பட்ட நேரம். மற்றது, அந்த விடை பரீட்சை நிறுவனத்தின் சேவையகத்துக்கு வந்து சேர்ந்த நேரம். அறிக்கையில் எடுத்தாளப்பட்டது சேர்ந்த நேரம் மட்டுமே. தெரிவு செய்த நேரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், 31ஆம் வினாவிலிருந்து 38ஆம் வினா வரை, அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஒழுங்கான இடைவெளிகளில், இணைப்பு இல்லாத அந்த ஆறு நிமிடங்களுக்குள் விடைகள் தெரிவு செய்யப்பட்டிருந்தன. மின்சாரம் போனபோது ரவுட்டர் நின்றுவிட்டது. மடிக்கணினி பெட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மென்பொருள் விடைகளையும் கமராப் படத்தையும் கணினியிலேயே சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்பும் வகையைச் சேர்ந்தது. எட்டு விடைகளும் ஒன்றாய்ப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அதுவே. பின்னர் வந்து சேர்ந்த படத்தை ஓட்டினேன். அறை இருட்டு. திரையின் நீல வெளிச்சம் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் விழுந்திருக்க, அவர் அசையாமல் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை என்ற ஒன்பது குறிகளில் ஆறு அந்த இருட்டுக்குள் விழுந்தவை. எஞ்சிய மூன்றும் மூடுபனி இறங்கிய நேரத்தில் விழுந்தவை. அவற்றிலும் ஆள் இருந்தார், வெளிச்சம்தான் இல்லை.

எல்லா மென்பொருளும் இப்படிச் சேமித்து வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் இணைப்பு போனால் படமும் போய்விடும், அந்த நிமிடங்களுக்கு எந்தச் சான்றும் இராது. அப்படியான பதிவில் மீளாய்வாளர் பார்ப்பது இடைவெளிக்கு முன்னும் பின்னும் உள்ளதைத்தான். திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே உடையில், அதே வினாவில் இருக்கிறாரா? அதுவரை சென்ற வேகத்திலேயே தொடர்கிறாரா? அதுவரை விடையளிக்காமல் விட்டுவந்த கடினமான வினாக்களுக்கெல்லாம் திடீரென்று விடை வருகிறதா? கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உண்மையில் உறுத்துவது.

பதிவேட்டின் நேரங்களைத் தவறாக வாசிப்பதால் வரும் தீங்கு சிறியதன்று. 2021இல் அமெரிக்காவின் டார்ட்மத் மருத்துவக் கல்லூரி 17 மாணவர்கள் மீது பரீட்சை நேரத்தில் பாடக்குறிப்புகளைத் திறந்ததாகக் குற்றஞ்சாட்டியது. சான்றாக வைத்தது கற்றல் தளத்தின் பதிவேடு. மாணவர்கள் தொடாமலேயே, அவர்களுடைய வேறு சாதனங்கள் பின்னணியில் தளத்தோடு தாமாகத் தொடர்புகொள்வதாலும் அத்தகைய வரிகள் உருவாகக்கூடும் என்பது பின்னர் வெளிப்பட, அவ்வாண்டு ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது என்பது உண்மை. அந்த வரியை மனிதக் கைதான் உண்டாக்கியதா என்பது வேறு கேள்வி.

அந்தப் பெண்ணின் பதிவில் ஒலிக்கு வருகிறேன். ஐந்து குறிகளில் இரண்டு, தகரத்தின் மேல் மழை கொட்டிய இரைச்சலுக்குள் இடி முழங்கியது. ஒன்று, தூரத்து வானொலி. எஞ்சிய இரண்டும் 3.47 மணிக்கு அடுத்தடுத்து விழுந்தவை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலைந்து முறை கேட்டேன். சுவருக்கு அப்பால் ஒரு பெண் உரத்துச் சொல்கிறார்: "ஏ புள்ள, நிறுவைக்கு நேரமாச்சி, கொழுந்த எடுத்துக்கிட்டு ஓடு, கங்காணி கத்தப் போறாரு." பரீட்சை எழுதுபவர் திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், "சத்தம் போடாதீங்க அத்தை, பரீட்சை நடக்குது" என்கிறார். இதுதான் அறிக்கையில் மூன்றாம் நபரோடு நடந்த உரையாடல். இரண்டு வரிகளையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, அதன்பின் ஒரு நிமிடத்துக்கு அவர் எந்த விடையையும் மாற்றவில்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். பார்வை விலகிய இரண்டு இடங்களிலும் அவர் கணக்கு வினாக்களில் இருந்தார், பேனா பிடித்த கை அசைகிறது. தொடக்கத்தில் இருபுறமும் காட்டிய வெற்றுத் தாள் அது, விதியும் அதை அனுமதித்திருந்தது.

ஆயினும் "பிரச்சினை இல்லை" என்று நான் எழுதவில்லை. பரீட்சை நேரத்தில் யாருடனும் பேசக்கூடாது என்பது விதி, அவர் ஒரு வாக்கியம் பேசினார். சிறு விதிமீறல் என்று எழுதினேன். ஐந்து வாரங்களின் பின் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு பெறுபேறு விடுவிக்கப்பட்டது. அந்தக் கடிதம்கூடத் தேவையில்லை என்று மனத்துக்குப் பட்டாலும், விதியில் இல்லாத இரக்கத்தை அறிக்கையில் எழுதினால் அடுத்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி உங்களுக்கு நடக்கப் போவது. கண்காணிப்பை நடத்தும் நிறுவனமும் பரீட்சைக்குச் சொந்தமான நிறுவனமும் பெரும்பாலும் வேறு வேறு. கண்காணிப்பு நிறுவனம் பதிவையும் அறிக்கையையும் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். முடிவெடுப்பது பரீட்சைக்குச் சொந்தமான நிறுவனம். எனவே கண்காணிப்பு நிறுவனத்தின் உதவிப் பிரிவோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதில் பயனில்லை, அவர்களால் பெறுபேற்றை விடுவிக்க முடியாது. பரீட்சை நிறுவனம் அறிக்கையைப் பார்த்து, மேற்கொண்டு எதுவும் தேவையில்லை என்றால் பெறுபேற்றை விடுவிக்கும். தேவை என்று கருதினால் உங்கள் விளக்கத்தைக் கேட்டு எழுதும். அந்தக் கடிதத்தில் பதிலுக்கான கடைசித் திகதி இருக்கும். பல இடங்களில் அது ஓரிரு வாரம், சில மொழித்திறன் பரீட்சைகளில் வெறும் மூன்று நாள். மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியை நாள்தோறும் திறந்து பாருங்கள்.

கடிதத்தில் எந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை நிதானமாக வாசியுங்கள். "உங்கள் பரீட்சை செல்லுபடியற்றதாக்கப்படலாம்" என்பதும் "முறைகேட்டில் ஈடுபட்டீர்கள் என்று குற்றஞ்சாட்டப்படுகிறீர்கள்" என்பதும் வெவ்வேறு. முன்னையதில் நீங்கள் தவறு செய்தீர்கள் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உதாரணமாகப் பதினைந்து நிமிடம் படம் இல்லை, அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று உறுதிப்படுத்த இயலவில்லை என்பதே போதும். விளைவு பெரும்பாலும் மீண்டும் எழுதுவது, சில வேளை கட்டணமின்றியே. பின்னையது உங்கள் பெயரில் பதிவாகும் விடயம். விசாரணை, சில ஆண்டுத் தடை, வேறு நிறுவனங்களுக்குத் தெரிவித்தல் வரை செல்லலாம். அங்கேயும் நீதிமன்றக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோல் பொதுவாகக் கிடையாது. நடந்திருப்பதற்கான வாய்ப்பே அதிகம் என்று குழு கருதினால் போதும். ஆகவே "நிரூபியுங்கள் பார்க்கலாம்" என்ற தொனியில் பதில் எழுதியவர்கள் தோற்றதைத்தான் நான் கண்டிருக்கிறேன். மீண்டும் எழுத வாய்ப்புத் தருகிறோம் என்றால், கௌரவம் பார்த்து அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் அந்த வாய்ப்பை ஏற்பதற்காக முறைகேட்டை ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையொப்பமிடச் சொன்னால், செய்யாத ஒன்றுக்கு ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

விளக்கம் எழுதுவதற்கு முன், எந்தெந்த நிமிடங்களில் குறி விழுந்தது, என்ன காரணம் காட்டப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். குறித்த துண்டுகளைப் பார்க்க அனுமதியுங்கள் என்றும், முடிவு வரும்வரை பதிவை அழிக்காதீர்கள் என்றும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிவுகள் குறிப்பிட்ட காலத்தின் பின் தாமாக அழிக்கப்படுவது வழக்கம் என்பதால் இதைப் பிந்த விடக்கூடாது. உங்கள் பரீட்சையை நடத்துவது ஐக்கிய இராச்சியத்து நிறுவனமாயின், அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்கள் தனிப்பட்ட தரவின் பிரதியைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நீங்கள் இலங்கையில் இருப்பது அதற்குத் தடையன்று, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் எழுதிய விடைகளைத் தர மறுக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உங்கள் முகமும் குரலும் உள்ள பதிவு அந்த விலக்குக்குள் அடங்காது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது, ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025இல் பிற்போடப்பட்டதால், அதை மட்டும் நம்பி நிற்காமல் பரீட்சை நிறுவனத்தின் சொந்த விதிகளையே முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரங்கள் கையில் கிடைத்ததும் ஒன்றைச் சரிபாருங்கள், இதில் பலர் தடுமாறியிருக்கிறார்கள். அறிக்கையிலுள்ள நேரம் பெரும்பாலும் `UTC` என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. மேலே சொன்ன பதிவில் மின்சாரம் போனது நமக்குப் பிற்பகல் 3.12. அறிக்கையில் அது `09:42`. "காலை 9.42க்கு நான் பரீட்சையே எழுதவில்லை" என்று ஒருவர் பதில் எழுதினால், பொருத்தமற்ற விளக்கம் என்று அது ஒதுக்கப்பட்டுவிடும்.

பிறகு ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நேரம், அப்போது நடந்தது, அதற்குச் சான்று என்ற அளவில் இரண்டு மூன்று வாக்கியம் போதும். மின்வெட்டு என்றால் மின்சார சபையின் குறுஞ்செய்தி அல்லது முறைப்பாட்டு இலக்கம். பரீட்சையின்போது உதவிப் பிரிவுக்கு எழுதியிருந்தால் அந்த உரையாடலின் பிரதி. அடுத்த வீட்டுப் பேச்சு என்றால், இடைச்சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும்படி எடுத்த படமும், இது பல குடும்பங்களுக்குப் பொதுவான லயக் கட்டடம் என்று கிராம உத்தியோகத்தர் தரும் கடிதமும். பேச்சு கேட்கும் துண்டு கிடைத்தால் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்து, தமிழ் அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்க்குமாறு வேண்டுங்கள். அந்த ஒரு வேண்டுகோளால்தான் தலவாக்கலைப் பெண்ணின் பதிவு என்னிடம் வந்தது.

பதிவில் இருப்பதற்கு மாறாக ஒரு சொல்லும் எழுத வேண்டாம். தம்பி ரவுட்டரைப் பார்க்க உள்ளே வந்தான் என்றால் வந்தான் என்றே எழுதுங்கள். "யாரும் வரவில்லை" என்று எழுதிவிட்டு, கண்ணாடி அலுமாரியில் அவனுடைய நிழல் விழுந்த பதிவு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அவன் வந்ததற்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்க வேண்டிய விடயம், பொய்யான விளக்கம் கொடுத்ததாக இரண்டாவது குற்றச்சாட்டாகி, தண்டனையும் அதற்கே கிடைத்தது. கேட்கப்படாத குறைகளையும் நீங்களாகத் தேடி எழுதத் தேவையில்லை. கேட்ட குறிகளுக்கு மட்டும் முழுமையாக எழுதினால் போதும்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் மேன்முறையீடு உண்டு, ஆனால் அது மறுபடியும் முதலிலிருந்து விசாரிப்பதன்று. பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு காரணங்களைத்தான் ஏற்கின்றன. ஒன்று, அவர்களுடைய நடைமுறையை அவர்களே பின்பற்றவில்லை. உங்கள் விளக்கத்தைக் கேட்கவில்லை, கேட்ட துண்டைக் காட்டவில்லை, ஒலியைப் பெயர்க்காமலே உரையாடல் என்று முடிவு செய்தார்கள் என்பவை இதில் அடங்கும். மற்றது, முன்னர் கொடுக்க முடியாதிருந்த புதிய சான்று. "எனக்கு அநீதி" என்பது மட்டும் காரணமாகாது. அதனால்தான் முதல் விளக்கத்தை இவ்வளவு கவனமாக எழுதச் சொல்கிறேன். கையில் இருந்த சான்றை அப்போது கொடுக்காமல் வைத்திருந்தால், மேன்முறையீட்டில் அதைப் புதியது என்று ஏற்க மாட்டார்கள். இப்போதைக்கு உங்களுக்கு வந்திருப்பது குற்றச்சாட்டுக் கடிதமன்று, மீளாய்வு அறிவிப்பு. இன்றைக்கே குறிகளின் நேரங்களைக் கேட்டும் பதிவைப் பாதுகாக்கச் சொல்லியும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பரீட்சை நாளன்று மின்சாரம், இணைப்பு, அக்கம்பக்கத்துச் சத்தம் பற்றி நினைவில் இருப்பதை, மறப்பதற்கு முன் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேள்விக் கடிதம் வந்தால் அதிலுள்ள குறிகளை இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.